வீட்டில் செய்த முக கிரீமை விற்கும் முன் பிறர் தோலில் சோதிப்பது எப்படி: 14 நாள் முறையும் அதற்கான குறிப்பேடும்

முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவுவது, மறுநாள் காலையில் பார்ப்பது, சிவக்கவில்லை என்றால் டப்பாவில் நிரப்பி விற்க ஆரம்பிப்பது. வீட்டில் கிரீம் செய்யும் பலர் இதைத்தான் சோதனை என்கிறார்கள். நானும் முதல் வருடம் இப்படித்தான் செய்தேன். ஆனால் இந்த ஒருநாள் சோதனை பிடிப்பது பாதியைத்தான். முகத்தை உண்மையில் பாழாக்கக்கூடிய மறுபாதி அதில் சிக்கவே சிக்காது.

காரணம் எளிது. ஒரு கிரீம் தோலை இரண்டு வழிகளில் தொந்தரவு செய்யும். ஒன்று எரிச்சல். அமிலம் கூடிப்போனாலோ வாசனை எண்ணெய் அதிகமானாலோ தோலின் மேற்பரப்பு நேரடியாகப் புண்படும், சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தெரிந்துவிடும். இன்னொன்று ஒவ்வாமை. அதில் உடலின் எதிர்ப்பு மண்டலம் அந்தப் பொருளை முதலில் அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கே சுமார் 10 முதல் 14 நாள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவருக்கும் தடவிய 2 முதல் 4 நாள் கழித்துத்தான் அரிப்பும் பொரிப்பும் வரும், குறைந்த அளவில் திரும்பத் திரும்பத் தடவும்போது இன்னும் தாமதமாகும். 24 மணி நேரத்தில் பார்த்துவிட்டு எழுந்துபோனால் எரிச்சலைத்தான் பார்த்திருக்கிறீர்கள். அதைவிட முக்கியமான ஒன்று: ஒருவருக்கு ஒரு பொருளால் ஒவ்வாமை உருவாகிவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க நிற்கும். நம் கிரீமால் ஒருவருக்கு அப்படி ஆகக்கூடாது, இந்தச் சோதனையை ஒழுங்காகச் செய்வதே அதற்காகத்தான்.

கீழே சொல்வது தோல் மருத்துவர்கள் சந்தேகத்துக்குரிய கிரீமைச் சரிபார்க்கப் பயன்படுத்தும் ஒரு முறை, ஒரே இடத்தில் மூடாமல் தினமும் திரும்பத் திரும்பத் தடவிப் பார்ப்பது. வீட்டளவில் நிதானமாகச் செய்யக்கூடியது இதுதான். பிளாஸ்டர் போட்டு மூடி ஒட்டும் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள், மூடினால் நல்ல கிரீம்கூடப் புண்ணாக்கலாம், ஒட்டுவதற்கும் வாசிப்பதற்கும் பயிற்சி வேண்டும்.

முதலில், யார் தோலுக்கும் போகும் முன்

தண்ணீர் சேர்ந்த கிரீம் என்றால் பிரிசர்வேட்டிவ் இல்லாமல் இன்னொருவர் முகத்துக்குப் போகவே கூடாது. வைட்டமின் ஈ எண்ணெய் சிக்குவாடை அடிக்காமல் பார்த்துக்கொள்ளும், கிருமியைத் தடுக்காது. பொட்டாசியம் சார்பேட், சோடியம் பென்சோவேட் போட்டிருந்தால் கிரீமின் பிஎச் 5-க்குப் பக்கத்திலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும், மேலே போகப் போக அவற்றின் வேலை குறைந்துகொண்டே வரும். அதனால் பிஎச் ஸ்ட்ரிப்பில் தொட்டுப் பார்த்து எழுதிவையுங்கள்.

அப்புறம் ஒரு சிறு டப்பாவை லேபுக்கு அனுப்பிக் கிருமி எண்ணிக்கை பாருங்கள். பொதுவான அழகுசாதனங்களுக்கு உலக அளவில் ஏற்றுக்கொண்ட வரம்பு ஒரு கிராமுக்கு 1,000 கிருமிக்குள், கண்ணைச் சுற்றிப் பூசுவது என்றால் 100-க்குள், நோய் உண்டாக்கும் குறிப்பிட்ட சில கிருமிகள் அறவே இருக்கக் கூடாது. கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. லட்சக்கணக்கில் கிருமி இருக்கும் கிரீமும் வெள்ளையாக, நல்ல வாசனையோடு அப்படியேதான் இருக்கும். வேண்டுமென்றே கிருமியைச் சேர்த்து 28 நாள் பிரிசர்வேட்டிவ் தாங்குகிறதா என்று லேபில் பார்க்கும் சோதனை ஒன்றும் உண்டு, விற்பனைக்கு முன் அதையும் முடித்தாக வேண்டும்.

காகிதத்திலேயே தடுக்கக்கூடியவை சில இருக்கின்றன. ஒவ்வொரு பொருளுக்கும், கழுவாமல் முகத்தில் தங்கும் கிரீமில் எத்தனை சதவீதம் வரை போடலாம் என்பதைப் பாருங்கள். உதாரணமாக ஃபினாக்ஸிஎத்தனால் 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. எலுமிச்சைச் சாறு, பட்டை எண்ணெய், குளிர்முறையில் பிழிந்த பெர்கமாட் எண்ணெய் இவை இருந்தால் மனிதச் சோதனைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பெர்கமாட் பூசிய தோலில் வெயில் பட்டால் தீக்காயம் போலக் கறுக்கும், அதைக் கண்டுபிடிக்க ஒரு தன்னார்வலர் கஷ்டப்பட வேண்டியதில்லை.

ஒன்றுக்கு இரண்டு கிரீம்

இது என் முறையில் நான் விடவே விடாத விஷயம். ஒரே நாளில், ஒரே பொருட்களில் இரண்டு கிரீம் செய்யுங்கள். ஒன்று முழுமையானது. மற்றொன்றில் வாசனை எண்ணெயும் மூலிகைச் சாறும் மட்டும் இருக்காது, அந்த எடைக்குத் தண்ணீரோ அடிப்படை எண்ணெயோ போட்டுச் சரிக்கட்டியிருப்பீர்கள். இரண்டையும் ஒரே மாதிரி டப்பாவில் நிரப்பி, உங்கள் வீட்டில் சோதனையோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து ‘அ’, ‘ஆ’ என்று லேபிள் ஒட்டச் சொல்லுங்கள். எது எது என்று அவர் எழுதி, கவரில் போட்டு ஒட்டி வைத்துக்கொள்ளட்டும். உங்களுக்குத் தெரிந்திருந்தால், நீங்கள் ஆசையாகச் செய்த கிரீம் இருக்கும் கையில் சின்ன சிவப்பைப் பார்த்துவிட்டு ‘கொசு கடித்திருக்கும்’ என்று எழுதத் தோன்றும். எனக்கே தோன்றியிருக்கிறது. வாசனை இரண்டையும் காட்டிக் கொடுத்துவிடுமே என்று கேட்பீர்கள். உண்மைதான், முழுசாக மறைக்க முடியாது. ஆனால் குறிப்பு எழுதும் ஆள் டப்பாவைத் திறக்காமல் கையை மட்டும் பார்த்தால் பெருமளவு சரியாகும்.

இரண்டு கிரீம் வைப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு பக்கமும் பொரிந்தால் பிரிசர்வேட்டிவ், எமல்சிஃபையர் என்று அடிப்படையில் தேடுவீர்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் தேட வேண்டிய இடம் உடனே சுருங்கிவிடும்.

யாரைக் கேட்பது, என்ன சொல்லிக் கேட்பது

12 பேர் போதும், ஆனால் அந்த 12 பேரும் ‘வேண்டாம்’ என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லக் கூடியவர்களாக இருக்க வேண்டும். உங்களிடம் வேலை செய்பவர், உங்களிடம் கடன் வாங்கியவர், மறுத்தால் உறவு கெடும் என்று நினைக்கும் மருமகள், இவர்கள் சம்மதித்தாலும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

18 வயதுக்குக் கீழே உள்ளவர், கர்ப்பிணி, தாய்ப்பால் கொடுப்பவர், எக்ஸிமா போன்ற தோல் நோய் இருப்பவர், வாசனைப் பொருளாலோ கிரீமாலோ முன்பு தொந்தரவு பட்டவர், முகப்பருவுக்கு ரெட்டினாய்டு பூசுபவர், சமீபத்தில் முகத்தில் பீல் அல்லது லேசர் செய்தவர், இவர்களைச் சேர்க்காதீர்கள். ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்களையும் சேர்க்காதீர்கள், அது ஒவ்வாமை வருவதையே அமுக்கிவிடும், நீங்கள் ஏமாந்துபோவீர்கள்.

சம்மதத் தாள் ஒரு பக்கம் போதும். கிரீமில் இருக்கும் எல்லாப் பொருளின் பெயரும், 0.1 சதவீதம் போட்டதுகூட, அதில் இருக்க வேண்டும். ‘இது புதிய கிரீம், இதனால் அரிப்பு, சிவப்பு, வீக்கம் வரலாம், அபூர்வமாக நிரந்தர ஒவ்வாமையும் உருவாகலாம், எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் நிறுத்திக்கொள்ளலாம், தொந்தரவு வந்தால் மருத்துவரிடம் போகும் செலவு என்னுடையது’ என்று நேராக எழுதுங்கள். செலவைப் பற்றிய அந்த வரியை எழுதத் தயங்கினால் சோதனையைத் தொடங்காதீர்கள். தாளைக் கொடுத்த அன்றே கையெழுத்து வாங்காமல் இரண்டு நாள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க விடுங்கள். படம் எடுப்பதற்குத் தனிச் சம்மதம், அதை விளம்பரத்தில் போடுவதற்கு அதிலிருந்தும் தனியான சம்மதம்.

பெயரைத் தனித் தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள். குறிப்பேட்டில் எண் மட்டும்: 1 முதல் 12.

14 நாள், முன்கையில்

12 பேருக்கும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். முதலில் நீங்கள் உங்கள் கையில் தொடங்குங்கள், ஒரு வாரம் கழித்து இரண்டு பேர், அவர்களுக்கும் ஒரு வாரம் எதுவும் வரவில்லை என்றால் மற்றவர்கள். ஏதாவது தப்பு இருந்தால் ஒருவரோ இருவரோ மட்டும் பாதிக்கப்படுவார்கள்.

முழங்கைக்குச் சற்றுக் கீழே, முன்கையின் உட்புறத்தில், 5 செ.மீ. அகல வட்டம் ஒன்று. அட்டையில் ஓட்டை வெட்டிக் கொடுத்துவிட்டால் எல்லாரும் ஒரே அளவில் பூசுவார்கள். இடது கையில் ‘அ’, வலது கையில் ‘ஆ’, பாதிப் பேருக்கு மாற்றிக் கொடுங்கள். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, ஒவ்வொன்றும் சிறு பட்டாணியில் பாதி, ஏறக்குறைய 0.1 கிராம். தேய்த்துவிட்டு மூடாமல் விட வேண்டும், அடுத்த சில மணி நேரம் அந்த இடத்தைக் கழுவக் கூடாது. வேறெந்த லோஷனும் அந்த வட்டத்தில் வேண்டாம்.

அரிப்போ, பொரிப்போ, தடிப்போ வந்த உடனே நிறுத்த வேண்டும், வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவ வேண்டும், ‘சரியாகிறதா பார்ப்போம்’ என்று மேலே எதையும் தடவக் கூடாது, உங்களுக்குப் போன் செய்ய வேண்டும். முகம் அல்லது உதடு வீங்கினால், மூச்சு முட்டினால் உங்களை அழைப்பதற்கு முன் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். இது சம்மதத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

குறிப்பேடு: எப்படி எழுதினால் பிறகு உதவும்

முதல் பக்கம் கிரீமுக்கு. லாட் எண், செய்த தேதி, ஒவ்வொரு பொருளும் எத்தனை கிராம், அந்தப் பொருள் வந்த புட்டியின் லாட் எண், அந்தப் புட்டியை முதன்முதலில் திறந்த தேதி, கிரீமின் பிஎச். ‘திறந்த தேதி’யை யாரும் எழுதுவதில்லை. அது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்த பக்கங்கள் ஆளுக்கு ஒன்று. ஒவ்வொரு நாளும் இரண்டு பத்தி: அவர் சொன்னது, கண்ணால் பார்த்தது. இரண்டையும் கலக்காதீர்கள், அரிப்பு அவர் சொல்வது, சிவப்பு பார்ப்பவர் எழுதுவது. பார்ப்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போதும். 0 என்றால் எதுவும் இல்லை. 1 என்றால் லேசான நிற மாற்றம் மட்டும். 2 என்றால் தெளிவான நிற மாற்றமும் விரலுக்குத் தட்டுப்படும் தடிப்போ சிறு பொரியோ. 3 என்றால் வீக்கம், கொப்புளம், அல்லது வட்டத்தைத் தாண்டிப் பரவியது. நிறம் ஆழ்ந்த தோலில் சிவப்பு சுலபமாகத் தெரியாது, சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதா கலந்தோ தெரியும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல், கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியை வட்டத்தின் வெளியிலிருந்து உள்ளே நகர்த்திப் பாருங்கள். சொரசொரப்பும் சூடும் விரலுக்கு முதலில் தெரியும்.

கேள்வியும் முக்கியம். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் ‘சூப்பர்’ என்றுதான் பதில் வரும், மனிதர்கள் அன்பானவர்கள். ‘நேற்று இரவிலிருந்து அந்த இடத்தில் என்ன உணர்ந்தீர்கள்? எத்தனை தடவை பூசினீர்கள், எது விட்டுப்போனது?’ என்று கேளுங்கள். படம் எடுத்தால் அதே ஜன்னல், அதே நேரம், பக்கத்தில் ஒரு ஸ்கேல். தப்பாக எழுதிவிட்டால் ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதையும் தேதியையும் எழுதுங்கள், வெள்ளை மை பூசி அழிக்காதீர்கள்.

தொடங்கும் முன்பே, எது நடந்தால் எல்லாருக்கும் நிறுத்துவது என்பதையும் அதே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். என்னுடையது இது: ஒருவருக்கு 3 வந்தாலோ, இரண்டு பேருக்கு 2 வந்தாலோ அன்றே அனைவருக்கும் நிறுத்தம். ஒருவருக்கு மட்டும் 2 என்றால் அவருக்கு நிறுத்தம், காரணம் தெரியும்வரை புதிதாக யாருக்கும் கொடுப்பதில்லை, முகத்துக்கும் போவதில்லை. நடுவில் உட்கார்ந்து முடிவெடுத்தால் மனசு தன் பக்கமே சாயும்.

7-ம் எண்ணுக்கு நடந்தது

லேவண்டர் எண்ணெய் 0.5 சதவீதம் சேர்த்த என் கிரீம் ஒன்று. நீர், ஷியா பட்டர், ஜோஜோபா, கிளிசரின், எமல்சிஃபையர், பிரிசர்வேட்டிவ், மற்றபடி எதுவும் இல்லை. முதல் எட்டு நாள் எல்லார் பக்கத்திலும் 0. 7-ம் எண்ணின் பக்கத்தில் ஒன்பதாம் நாள் இருப்பது இது:

நாள் 9, காலை. சொன்னது: ‘இரவில் இடது கை நமைச்சல், தூக்கத்தில் சொறிந்திருக்கிறேன். வலது கையில் ஒன்றுமில்லை.’ பார்த்தது: இடது 2, வட்டத்துக்குள் ஊசி முனை அளவு பொரிகள், ஓரத்தில் சற்று நெருக்கமாக. வலது 0. பூசுவது நிறுத்தம்.

நாள் 11. சொன்னது: நமைச்சல் குறைவு. பார்த்தது: இடது 1, தோல் காய்ந்து செதில். வலது 0.

உறையைப் பிரித்தோம். அவருடைய இடது கையில் இருந்தது லேவண்டர் சேர்த்தது. ஒருநாள் சோதனையாக இருந்திருந்தால் இவர் ‘பாஸ்’. அவரைத் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன், சில வாரம் கழித்து, தோல் முழுக்க ஆறிய பின் அவர் பேட்ச் டெஸ்ட் வைத்தார். ஆக்ஸிஜன் பட்டு மாறிய லினலூலுக்கு ஒவ்வாமை என்று தெரிந்தது. லினலூல் லேவண்டர் எண்ணெயின் முக்கிய வாசனைப் பொருள். புதிதாக இருக்கும்போது அது தோலை அவ்வளவாகச் சீண்டாது, காற்றுப் பட்டுப் பட்டு ஹைட்ரோபெராக்சைடாக மாறிய பிறகுதான் ஒவ்வாமையைத் தூண்டும் வலு அதற்கு வருகிறது.

அப்போதுதான் முதல் பக்கத்தைப் புரட்டினேன். அந்த லேவண்டர் புட்டியைத் திறந்து 14 மாதம் ஆகியிருந்தது, பாதிக்கு மேல் காலி, உள்ளே முழுக்கக் காற்று. பழைய புட்டிதான் காரணம் என்று இதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, 7-ம் எண்ணுக்கு வேறு சோப்பாலோ வாசனைத் திரவியத்தாலோ முன்பே ஒவ்வாமை உருவாகியிருக்கலாம். ஆனால் அந்தத் தேதியை எழுதியிருக்காவிட்டால் இந்தக் கேள்வியே எனக்கு வந்திருக்காது. 7-ம் எண்ணின் கையில் மறுபடி தடவி உறுதிப்படுத்தும் வேலையை நான் செய்யவில்லை, நீங்களும் செய்யாதீர்கள். அது மருத்துவர் செய்ய வேண்டியது.

அப்புறம் முகம்

கையில் 14 நாளும் 0-வாக இருந்தவர்கள் மட்டும் ஒரு வாரம் இடைவெளி விட்டு முகத்துக்குப் போகலாம். முதல் மூன்று நாள் காதுக்குக் கீழே தாடை ஓரத்தில் மட்டும், பிறகு முழு முகம், கண் இமையை விட்டுவிட்டு, நான்கு வாரம். கையில் வராதது முகத்தில் வரலாம், முகத்துத் தோல் அவ்வளவு மென்மை. பருக்கள் வருகின்றனவா என்பதும் இங்கேதான் தெரியும், அதற்கே சில வாரம் ஆகும்.

கொடுக்கும்போது டப்பாவை எடை போட்டு எழுதுங்கள், வாரா வாரம் திரும்ப எடை போடுங்கள். காலை, மாலை முகத்துக்குப் பூசும் பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்குச் சுமார் 1.5 கிராம் கிரீம் பயன்படுத்துவார், அதாவது வாரத்துக்குப் 10 கிராம் போல. ‘தினமும் ரெண்டு வேளை போடறேன், ஒண்ணும் ஆகலை’ என்று ஒரு பெண் நான்கு வாரமும் சொல்லிக்கொண்டிருந்தார், அவர் டப்பாவில் மொத்தமே 6 கிராம்தான் குறைந்திருந்தது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, வீட்டு வேலையில் மறந்துபோயிருக்கிறது. ஆனால் அவருடைய ‘ஒன்றும் ஆகவில்லை’யை நான் கணக்கில் சேர்க்கவில்லை, ஏன் சேர்க்கவில்லை என்பதைக் குறிப்பேட்டில் எழுதினேன்.

வந்த முடிவை எவ்வளவு நம்பலாம்

12 பேரில் ஒருவருக்கும் எதுவும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது: 3-ஐ ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால், உண்மையான பாதிப்பு அதிகபட்சம் எவ்வளவு இருந்திருக்கலாம் என்பது 95 சதவீத உறுதியோடு கிடைக்கும். 3-ஐ 12-ஆல் வகுத்தால் 0.25. அதாவது வாங்குபவர்களில் நாலில் ஒருவருக்குப் பிரச்சினை வரக்கூடிய கிரீம்கூட உங்கள் 12 பேரிடம் தப்பியிருக்கலாம். 30 பேர் என்றால் பத்தில் ஒருவர். இந்தச் சோதனை மோசமான கிரீமை வடிகட்டும், நல்ல கிரீம் என்று சான்றிதழ் தராது.

அதனால் லேபிளில் ‘தோல் மருத்துவர் சோதித்தது’, ‘ஒவ்வாமை தராது’ என்று எழுத இந்த முடிவு போதாது. அப்படி எழுத வேண்டுமானால் நூறு, இருநூறு பேரிடம் மூன்று வாரம் திரும்பத் திரும்ப ஒட்டி, இரண்டு வாரம் விட்டு மறுபடி ஒட்டிப் பார்க்கும் சோதனையைப் பயிற்சி பெற்ற ஆய்வகத்தில் செய்ய வேண்டும். விற்பனைக்குச் சட்டம் கேட்கும் பாதுகாப்பு மதிப்பீடும் தனி வேலை, உங்கள் குறிப்பேட்டை அதைச் செய்பவரிடம் காட்டலாம், அதற்குப் பதிலாக வைக்க முடியாது.

இன்னொன்று. கலவையில் ஒரு பொருளை மாற்றினால், பிரிசர்வேட்டிவின் பிராண்டை மட்டும் மாற்றினாலும், பழைய முடிவு புதிய கிரீமுக்குச் செல்லாது. நான் லேவண்டரை முழுக்க எடுத்துவிட்டு, புதிய லாட் எண் போட்டு, முதலில் என் கையிலிருந்து மறுபடி தொடங்கினேன். எண்ணெய்ப் புட்டிகளில் இப்போது திறந்த தேதி மார்க்கரால் எழுதியிருக்கும். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு டப்பாவைத் திறக்காமல் எடுத்து வைக்கிறேன், அந்த லாட்டின் கடைசி டப்பா காலாவதியாகும் வரை. வாங்கியவர் யாராவது ‘கன்னத்தில் பொரிகிறது’ என்று போன் செய்தால், அந்தப் புகாரும் அதே குறிப்பேட்டில், அதே லாட் எண்ணுக்குக் கீழே, அதே இரண்டு பத்தியில் ஏறுகிறது.